காவிரியை நான்கு பேர் பங்கிட்டுப் படிக்கும் வகுப்பு

ஜிக்சா என்பது ஒரு பாடத்தைச் சில துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு மாணவரிடம் ஒப்படைத்து, அவரே அதைப் படித்துத் தெளிந்து வந்து தன் குழுவுக்குக் கற்பிக்கச் செய்யும் வகுப்பறை முறை. நால்வர் உட்கார்ந்திருக்கும் ஒரு குழுவில் நால்வர் கையிலும் வெவ்வேறு தாள்கள் இருக்கும். முதலில் எல்லாக் குழுக்களிலிருந்தும் ஒரே தாளைப் பெற்றவர்கள் எழுந்து வந்து ஒன்றாக உட்கார்ந்து படிப்பார்கள். இது வல்லுநர் குழு. பின்பு அவரவர் புறப்பட்ட இடத்துக்கே, அதாவது தாய்க் குழுவுக்கே திரும்பி, தான் படித்ததை மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் நான்கு துண்டுகளையும் பற்றிய சோதனையை ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும்.

இந்த முறை 1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரில் தோன்றியது. அங்குள்ள பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்தினர் ஆகிய மூன்று பிரிவுப் பிள்ளைகளும் அப்போதுதான் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். சண்டையும் பயமும் மிகுந்திருந்தன. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த எலியட் ஆரன்சன் தம் மாணவர்களோடு அந்த வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்டதும் சிலர் முந்திக்கொண்டு கை தூக்குவதும், ஒருவர் தவறாகச் சொன்னால் அடுத்தவர் மகிழ்வதுமாக வகுப்பே ஒரு போட்டிக்களமாக இருந்ததைக் கண்டார். ஒருவரின் உதவி இல்லாமல் மற்றவர் தேர்ச்சி பெற முடியாதபடி பாடத்தையே மாற்றி அமைத்தால் என்ன என்பதுதான் அவருக்குத் தோன்றிய வழி. ஐந்தாம் வகுப்பில் எலினார் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கை வரலாற்றைத் துண்டுகளாக்கிக் கொடுத்து அதைச் செய்துபார்த்தார்.

ஆரன்சன் தம் எழுத்துகளில் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறார். ஆங்கிலம் அவனுக்குத் தாய்மொழி அல்ல. குழுவில் தன் பங்கைச் சொல்ல வந்தபோது திக்கித் திணறினான். மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். கவனித்துக்கொண்டிருந்த உதவியாளர் அவர்களைக் கண்டிக்கவில்லை. கேலி செய்வதால் அந்தப் பகுதி உங்களுக்குத் தெரிந்துவிடாது, சற்று நேரத்தில் சோதனை இருக்கிறது என்று மட்டும் நினைவூட்டினார். சில நாட்களில் அதே பிள்ளைகள் அவனிடமிருந்து விஷயத்தை வாங்கும்படி நல்ல கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். சோதனை, தேவை, கேள்வி என்ற மூன்றின்மேல்தான் முறை முழுவதும் நிற்கிறது. மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் மிஞ்சுவது பாடத்தைப் பங்கு போட்டுப் படிப்பது மட்டுமே. நம் பள்ளிகளில் ஜிக்சா என்ற பெயரில் நடப்பவற்றில் பல அப்படிப்பட்டவை என்பதால், முறையை ஒரு பாடத்தின் வழியே முழுமையாகப் பார்ப்பது நல்லது. எட்டாம் வகுப்புப் புவியியலுக்குக் காவிரி பொருத்தமான பாடம்.

காவிரி என்பது தலைப்பு மட்டுமே. வகுப்பு தொடங்க வேண்டியது ஒரு கேள்வியிலிருந்து. அந்தக் கேள்விக்கு எந்த ஒரு தாளை மட்டும் படித்தவராலும் விடை சொல்ல முடியக்கூடாது. மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. ஆனால் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள்; 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. தஞ்சாவூரில் பெய்யும் மழையைப் பார்த்தா இந்த நாளை முடிவு செய்கிறார்கள்? இல்லையென்றால் எதைப் பார்த்து? இதுதான் கரும்பலகையில் எழுதப்படும் கேள்வி. விடைக்குக் குடகு மலையும் வேண்டும், கர்நாடக அணைகளும் வேண்டும், மேட்டூரும் வேண்டும், டெல்டாவின் பயிர்க்காலமும் வேண்டும். இந்த நான்கும்தான் நான்கு தாள்கள்.

முதல் தாள் பிறப்பிடத்தைப் பற்றியது. குடகில் பிரம்மகிரி மலையில் உள்ள தலைக்காவிரி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கொட்டும் தென்மேற்குப் பருவமழை, அது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது, ஹாரங்கியும் ஹேமாவதியும் வந்து சேர்வது ஆகியவை இதில் இருக்கும். இரண்டாம் தாள் மைசூர்ப் பீடபூமி. மலைக்குக் கிழக்கே மழை குறைந்துவிடுவது, வழியில் கிருஷ்ணராஜ சாகர் அணை தண்ணீரைத் தேக்குவது, கேரளத்தின் வயநாட்டில் பிறந்து தனி அணையோடு வரும் கபினி, சிவசமுத்திரம் அருவி, தமிழக எல்லையில் வரத்தை அளக்கும் பிலிகுண்டுலு ஆகியவை இதற்குரியவை. மூன்றாம் தாள் மேட்டூர் முதல் முக்கொம்பு வரை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, அதன் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., கீழே வந்து சேரும் பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை இதில் வரும். நான்காம் தாள் டெல்டா. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவது, கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிவது, ஜூனில் தொடங்கும் குறுவை, ஆகஸ்டில் தொடங்கும் சம்பா, டெல்டாவுக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் என்பது ஆகியவை இதில் அடங்கும்.

ஒவ்வொரு தாளும் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. நூற்றைம்பது சொல் அளவில் எழுத்தும், அதே ஆற்றின் வெற்று வரைபடமும் போதும். அந்த எழுத்துக்குள் பெரிய கேள்விக்கு வேண்டிய ஒரு செய்தி கட்டாயம் இருக்க வேண்டும். அது அடுத்த தாளில் இருக்கக்கூடாது. முதல் தாளில் அது மழையின் மாதம், இரண்டாவதில் வழியில் உள்ள அணைகள் நிறைந்த பிறகே தண்ணீர் பெருகி வரும் என்பது, மூன்றாவதில் சேமிப்பு, நான்காவதில் டெல்டாவின் மழையும் டெல்டாவின் தேவையும் ஒரே மாதத்தில் வராதது. தாள் தயாரிக்கும் ஆசிரியர் இந்த நான்கு வரிகளை முதலில் எழுதி, மீதியை அவற்றைச் சுற்றி எழுதுவது நல்லது. பாடநூலின் பக்கங்களை அப்படியே நான்காகக் கிழித்துக் கொடுத்தால் இது அமையாது. பாடநூலில் செய்திகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு பக்கத்தில் எல்லாம் இருக்கும், இன்னொன்றில் ஊர்ப்பெயர்கள் மட்டுமே இருக்கும்.

பருவமழை என்றால் என்ன, காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதெல்லாம் இதற்கு முந்தைய வகுப்புகளில் ஆசிரியரே நடத்தியிருக்க வேண்டும். புதிய கருத்தை முதன்முதலாக ஒரு மாணவர் வாய்வழியே இன்னொரு மாணவருக்கு அனுப்புவது சரிவராது. தெரிந்த கருத்தை ஓர் இடத்துக்குப் பொருத்திப் பார்க்கும் வேலைக்கே ஜிக்சா ஏற்றது.

வகுப்பில் 36 பேர் என்றால் நால்வர் வீதம் ஒன்பது தாய்க் குழுக்கள் வரும். அப்படியானால் ஒவ்வொரு தாளுக்கும் ஒன்பது வல்லுநர்கள். ஒன்பது பேர் ஒரே வட்டமாக உட்கார்ந்தால் மூவர் பேசுவார்கள், ஆறு பேர் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு வல்லுநர் குழுக்கள், நால்வர் ஒன்று ஐவர் ஒன்று என்று, மொத்தம் எட்டுக் குழுக்கள் அமைக்க வேண்டும். 38 பேர் இருந்தால் கூடுதலான இருவரையும் இரண்டு தாய்க் குழுக்களில் சேர்த்து, அங்கே ஒரு தாளுக்கு இருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பெஞ்சுகளை நகர்த்த முடியாத வகுப்பறையில் பாதிப் பேர் தரையிலோ வராந்தாவிலோ உட்காரலாம். யார் எங்கே போக வேண்டும் என்பதைத் தாளின் மூலையிலேயே எழுதிவிடுவது நல்லது. “தாய்க் குழு 5, தாள் 3, ஜன்னல் ஓரம்” என்று அச்சிட்டிருந்தால் இடம் மாறும் குழப்பம் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும்.

குழுவை மாணவர்களே தேர்ந்தெடுக்கக்கூடாது. நண்பர்கள் நண்பர்களோடுதான் சேர்வார்கள். வேகமாகப் படிப்பவர், தட்டுத்தடுமாறிப் படிப்பவர், பேசுபவர், பேசாதவர் என்று கலந்து ஆசிரியர் முன்னதாகவே பட்டியல் போட வேண்டும். அதே கவனம் வல்லுநர் குழுவுக்கும் வேண்டும். படிக்கச் சிரமப்படுபவர்கள் எல்லோருக்கும் முதல் தாளையே கொடுத்துவிட்டால் அந்த வல்லுநர் குழுவில் உதவி செய்ய யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டே நாளில் பிள்ளைகளும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். “ஈசி பேப்பர்” என்று அதற்குப் பெயரும் வைத்துவிடுவார்கள்.

வல்லுநர் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு அட்டை தரப்படும். காவிரிப் பாடத்துக்கு நான்கு பங்குகள் போதும். நடத்துநர் என்பவர் ஒவ்வொருவரும் பேசுகிறாரா என்று பார்த்து, நேரத்தையும் கவனிப்பவர். எழுத்தர் குழு ஒப்புக்கொண்ட மூன்று முக்கியச் செய்திகளை எழுதுபவர். வரைபடக்காரர் சொல்லப்படும் ஒவ்வொரு இடத்தையும் வெற்று வரைபடத்தில் குறிப்பவர், குறிக்க முடியாத செய்தி வந்தால் நிறுத்தி “எங்கே?” என்று கேட்க வேண்டியவரும் அவரே. கேள்விக்காரர் யார் எதைச் சொன்னாலும் “ஏன்?” என்றும் “தாளில் எந்த வரி?” என்றும் கேட்பவர். ஐந்தாவது ஆள் உள்ள குழுவில் நடத்துநரின் நேரம் பார்க்கும் வேலையைத் தனியே பிரித்துக் கொடுக்கலாம்.

அட்டையில் பதவியின் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு “குழுவை வழிநடத்துக” என்ற வரி எதையும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய வாக்கியமே அட்டையில் இருக்க வேண்டும். நடத்துநரின் அட்டையில் “நீ இன்னும் பேசலையே, உனக்கு என்ன தோணுது?” என்று இருக்கலாம். கேள்விக்காரரின் அட்டையில் இப்படி மூன்று வரிகள்: “இது தாள்ல எங்க இருக்கு, காட்டு.” “இப்படி நடக்கலைன்னா என்ன ஆகும்?” “நம்ம தாய்க் குழுவுல யாராவது இதைக் கேட்டா எப்படிச் சொல்லுவ?” வரைபடக்காரரின் அட்டையில் “இதுக்கு மேல எந்த ஊர், கீழ எந்த ஊர்?” என்று ஒரு வரி போதும். ஆற்றைப் பற்றிய பாடத்தில் மேல், கீழ் என்ற உணர்வு வந்துவிட்டால் பாதிப் புரிதல் வந்துவிட்டது.

பங்குகளைக் கொடுப்பதிலும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். முதல் மதிப்பெண் வாங்குபவர் எப்போதும் நடத்துநராகிவிடுவார். அழகாக எழுதும் பெண் எப்போதும் எழுத்தராகிவிடுவார். அவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்து பேச்சில் கலப்பதே இல்லை. அட்டைகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்து, அடுத்த பாடத்தில் மாற்றுவதே இதற்கு மருந்து. கேள்விக்காரரின் அட்டையை மட்டும் சற்றுப் பொறுப்பாகக் கொடுக்கலாம். வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்கிய பிள்ளை அந்த வேலையைப் பெரும்பாலும் நன்றாகச் செய்யும்.

நாற்பது நிமிடப் பாடவேளைகள் இரண்டு இருந்தால் காவிரியை முடித்துவிடலாம். அடுத்தடுத்த நாட்களாக இருந்தாலும் சரி. முதல் நாள் ஐந்து நிமிடத்தில் பெரிய கேள்வியைச் சொல்லித் தாள்களைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த எட்டு நிமிடம் வல்லுநர் குழுவில் உட்கார்ந்து எல்லோரும் வாய் பேசாமல் தாளை இரண்டு முறை படிப்பது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேகமாகப் படிப்பவர் உடனே பேசத் தொடங்கினால் மற்றவர்கள் தாளை மடித்து வைத்துவிட்டு அவர் வாயைப் பார்ப்பார்கள். அதன்பின் இருபது நிமிடம் பங்கு அட்டைகளோடு பேச்சு. கடைசி ஏழு நிமிடம் ஒரு சிறு சோதனைக்கு.

அந்தச் சிறு சோதனைதான் முதல் நாளின் உயிர். ஒவ்வொரு வல்லுநரும் தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் பகுதியிலிருந்து மூன்று கேள்விகளுக்கு ஒரு துண்டுத்தாளில் விடை எழுதித் தருவார். ஆசிரியர் அன்று மாலை அவற்றைப் பார்த்துவிட வேண்டும். காரணம் எளியது. ஆசிரியர் பாடம் நடத்தும்போது ஒரு மாணவர் தவறாகப் புரிந்துகொண்டால் தவறு அவரோடு நிற்கும். ஜிக்சாவில் ஒரு வல்லுநர் குழு தவறாகப் புரிந்துகொண்டால், அதன் ஒவ்வோர் உறுப்பினரும் அந்தத் தவறை ஒரு தாய்க் குழுவுக்குச் சுமந்துபோவார். நான்காம் தாளில் இது அடிக்கடி நேரக்கூடிய இடம் கொள்ளிடம். வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு. பவானி துணையாறு, கொள்ளிடம் கிளையாறு. மாணவர்கள் வரைபடத்தில் இரண்டு கோடுகள் சந்திப்பதை மட்டும் பார்க்கிறார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. கொள்ளிடத்தையும் துணையாறு என்று ஒரு குழு முடிவு செய்துவிட்டால் மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் அப்படியே எழுதுவார்கள். முதல் நாள் மாலையே அந்தத் துண்டுத்தாளில் அது தெரிந்துவிட்டால், மறுநாள் அந்த வல்லுநர்களை மட்டும் ஐந்து நிமிடம் அழைத்து, வரைபடத்தில் அம்புக்குறி போடச் சொன்னாலே சரியாகிவிடும்.

இரண்டாம் நாள் தாய்க் குழு. ஒவ்வொரு வல்லுநருக்கும் ஐந்து நிமிடம். மூன்றரை நிமிடம் சொல்வதற்கு, மீதி மற்றவர்களின் கேள்விக்கு. தண்ணீர் ஓடும் வரிசையிலேயே தாள்களும் வர வேண்டும். சொல்பவர் தாளைக் கையில் வைத்துக்கொள்ளக்கூடாது. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தாள் கையில் இருந்தால் வாசித்துவிடுவார். அதைவிட மோசமாக, தாளை நீட்டி “எழுதிக்கோ” என்பார். ஒரு குழு முழுவதும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பதை ஆசிரியர் கண்டால் அங்கே கற்பித்தல் நின்றுவிட்டது என்று அறியலாம். கேட்பவர்கள் மூவருக்கும் ஒரு வேலை உண்டு: ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒருவர் தன் சொந்த வார்த்தையில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் என்பதைச் சொன்னவரே தேர்ந்தெடுப்பார்.

முதல் தாள்காரர் குடகு மழையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி இப்படிக் கேட்கலாம்: “குடகுல மழை பெஞ்சா நமக்கென்ன? நமக்குத்தான் ஐப்பசியில மழை வருதே.” இது வகுப்பில் எழக்கூடிய மிகச் சிறந்த கேள்வி. முதல் தாளில் இதற்கு விடை இல்லை. நான்காம் தாள்காரர் “ஐப்பசி வரைக்கும் குறுவை காத்திருக்காது, ஆடிக்கு முன்னாடியே நட்டாகணும்” என்று சொல்லும்போது அது பாதி அவிழும். மூன்றாம் தாள்காரர் அணையில் தேக்கி வைத்த தண்ணீரைச் சொல்லும்போது மீதியும் அவிழும். இப்படிப்பட்ட கேள்வி எழுந்தால் ஆசிரியர் குறுக்கே போய் விளக்கக்கூடாது. “இதுக்குப் பதில் யார் தாள்ல இருக்கும்?” என்று கேட்டுவிட்டு அடுத்த குழுவுக்கு நகர்ந்துவிடலாம்.

இருபது நிமிடம் முடிந்ததும் குழு முழுவதும் சேர்ந்து எட்டு நிமிடம் பெரிய கேள்வியைப் பேசும். அப்போது அவர்கள் வந்துசேர வேண்டிய இடம் ஏறத்தாழ இது: டெல்டாவுக்கு ஜூனில் தண்ணீர் வேண்டும், ஆனால் அங்கே பெருமழை அக்டோபரில்தான். குடகிலும் வயநாட்டிலும் மழை ஜூனில்தான் தொடங்குகிறது. அந்தத் தண்ணீரும் மேலே உள்ள அணைகள் நிறைந்த பிறகே மேட்டூருக்குப் பெருகி வரும். ஆகவே ஜூன் 12 அன்று திறந்துவிடும் தண்ணீரில் பெரும்பகுதி முன்பே தேங்கி இருப்பது. பின்னால் வரவு வரும் என்ற நம்பிக்கையில் திறப்பது. 2022-இல் மே மாதத்திலேயே அணை ஏறக்குறைய நிறைந்திருந்தது, முன்கூட்டியே திறந்தார்கள். 2024-இல் ஜூன் மாதத்தில் இருப்பு மிகக் குறைவு. ஜூலையில் மலைப்பகுதியில் பெருமழை கொட்டி, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிறைந்து தண்ணீர் இறங்கிய பிறகே திறக்க முடிந்தது. தஞ்சாவூரின் மழை இரண்டு ஆண்டிலும் இந்த முடிவில் பங்கு பெறவில்லை.

இந்தப் பேச்சு சில குழுக்களில் இரு மாநிலத் தகராறாக மாறும். வீட்டில் கேட்ட பேச்சைப் பிள்ளைகள் கொண்டுவருவது இயல்பு. அதை அதட்டி அடக்கத் தேவையில்லை. இரண்டாம் தாள்காரரிடம் “மேல இருக்கிற அணை எந்த ஊர் வயலுக்கும் எந்த ஊர்க் குடிநீருக்கும் தண்ணி தருது?” என்று கேட்டால் பேச்சு மீண்டும் வரைபடத்துக்கு வந்துவிடும்.

மீதியுள்ள பன்னிரண்டு நிமிடம் தனித் தேர்வு. குழு கலைந்து அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். குறிப்பு, வரைபடம் எதுவும் கையில் இருக்கக்கூடாது. பதினைந்து மதிப்பெண் போதும். ஒவ்வொரு தாளிலிருந்தும் இரண்டு சிறு வினாக்களாக எட்டு. வெற்று வரைபடத்தில் நான்கு இடங்களைக் குறிக்க நான்கு. பெரிய கேள்வியை மாற்றிக் கேட்கும் ஒரு வினாவுக்கு மூன்று. அந்தக் கடைசி வினா குழுவில் பேசியதை அப்படியே எழுதும்படி இருக்கக்கூடாது. “ஓர் ஆண்டு ஜூன் மாதத்தில் தஞ்சாவூரில் எதிர்பாராமல் நல்ல மழை பெய்கிறது, மேட்டூரில் தண்ணீர் மிகக் குறைவு, குடகில் மழை தொடங்கவில்லை. குறுவைக்கு அணையைத் திறப்பார்களா? காரணம் எழுதுக” என்பது போல இருக்கலாம்.

மதிப்பெண்ணை மொத்தமாகக் கூட்டினால் தேர்வு சொல்ல வந்தது மறைந்துவிடும். ஒவ்வொரு வினாவுக்கும் அந்தத் தாளின் வல்லுநர்கள் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், மற்றவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு நெடுவரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 36 பேர் வகுப்பில் ஒரு தாளுக்கு வல்லுநர்கள் 9, மற்றவர்கள் 27. எடுத்துக்காட்டாக, முடிவு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். குடகு மழை பற்றிய வினாவில் வல்லுநர்கள் 8 பேரும் மற்றவர்கள் 22 பேரும் சரி. மேட்டூர்ச் சேமிப்பு வினாவில் வல்லுநர்கள் 8, மற்றவர்கள் 11. கொள்ளிடம் வினாவில் வல்லுநர்கள் 4, மற்றவர்கள் 10.

முதலாவதில் பாடம் வல்லுநரிடமிருந்து குழுவுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் வல்லுநர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. விடைத்தாளைப் புரட்டினால் காரணம் தெரியலாம்: மற்றவர்கள் 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று எண்களைச் சரியாக எழுதியிருப்பார்கள், திறந்துவிடும் தண்ணீர் எப்போது தேங்கியது என்பதை எழுதியிருக்கமாட்டார்கள். எண்ணைச் சொல்வது எளிது, காரணத்தைச் சொல்வது கடினம். ஐந்து நிமிடத்தில் வல்லுநர்கள் எளிதானதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். இதற்கு மறுவகுப்பில் அந்தத் தாளின் வல்லுநர்களில் இருவரை முன்னால் வரச்சொல்லி, எண்ணே இல்லாமல் ஒருமுறை விளக்கச் சொன்னால் போதும். மூன்றாவதில் வல்லுநர்களுக்கே தெரியவில்லை. குற்றம் தாளில் இருக்கிறது, அல்லது முதல் நாள் மாலைச் சோதனையைப் பார்க்காமல் விட்டதில் இருக்கிறது. இதை மாணவர்கள் மூலம் சரிசெய்ய முயலக்கூடாது. ஆசிரியரே நடத்த வேண்டும். தாளையும் அடுத்த ஆண்டுக்குத் திருத்தி எழுத வேண்டும்.

குழுவுக்கு மதிப்பெண் தரலாமா என்பது இந்த முறையில் பழைய வாதம். ஆரன்சனின் வடிவத்தில் குழு மதிப்பெண் கிடையாது. அவரவர் மதிப்பெண் அவரவருக்கு. பின்னர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்லாவின் ஜிக்சா இரண்டு என்ற வடிவத்தை உருவாக்கினார். அதில் எல்லோரும் முழுப் பாடத்தையும் படித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவரும் ஒரு பகுதியில் வல்லுநர் ஆவார்கள். குழுவின் மதிப்பெண் ஒவ்வொருவரும் தம் முந்தைய நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதிலிருந்து வரும். நம் வகுப்புகளுக்கு இந்த இரண்டாவது யோசனை மிகவும் பொருந்தும். குழு மதிப்பெண்ணை வெறும் சராசரியாகப் போட்டால் குறைவாக எடுப்பவர் குழுவுக்குச் சுமையாகிவிடுவார். இடைவேளையில் அவருக்கு அது சொல்லிக்காட்டப்படும். முன்னேற்றத்தைக் கணக்கிட்டால், வழக்கமாக 15-க்கு 5 எடுப்பவர் 9 எடுத்தால் 4 சேர்க்கிறார். 13 எடுப்பவர் 13 எடுத்தால் எதுவும் சேர்ப்பதில்லை. அப்போது மற்ற மூவருக்கும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கக் காரணம் கிடைக்கிறது. உச்சத்தில் இருப்பவருக்கு ஏற இடமில்லை என்பதால் முழு மதிப்பெண் எடுத்தால் தனிப் புள்ளி தருவது ஸ்லாவினின் ஏற்பாட்டிலும் உண்டு.

இரண்டாம் நாள் ஒரு வல்லுநர் வராமல் போவது எப்போதும் நடப்பது. அந்தக் குழு பக்கத்துக் குழுவோடு அந்த ஐந்து நிமிடம் மட்டும் சேர்ந்துகொண்டு, அங்குள்ள வல்லுநர் சொல்வதைக் கேட்கலாம். ஆறு பேர் கேட்பது கூட்டம்தான். ஆனாலும் தாளை வாங்கித் தாங்களே படித்துக்கொள்வதைவிட இது மேல்.

ஜிக்சாவில் ஒவ்வொருவரும் தம் பகுதியை நன்றாகவும், மற்றவர்கள் சொல்லிக்கேட்ட பகுதிகளைக் குறைவாகவும் கற்கிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. பிரான்சின் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஐந்து சோதனைகளின் தொகுப்பில், இந்த முறையால் கற்றல் தெளிவாகக் கூடியது என்று சொல்லும் அளவுக்கு முடிவு கிடைக்கவில்லை. முறையின் அமைப்பைப் பார்த்தால் இது வியப்பில்லை. மூன்று பகுதிகளை ஒரு மாணவர் ஐந்தைந்து நிமிடம் காதால் மட்டும் கேட்கிறார். அதுவும் தன் வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து. அதனால்தான் முதல் நாள் மாலைச் சோதனையும், திருப்பிச் சொல்லும் வேலையும், இரண்டு நெடுவரிசைக் கணக்கும் ஒதுக்கக்கூடாதவை. தேர்வுக்குப் பிறகு நான்கு தாள்களையும் எல்லோருக்கும் கொடுத்து வீட்டில் படிக்கச் சொல்வதும் அவசியம்.

இரண்டு பாடவேளையைச் செலவழிக்கும் முறையை எல்லாப் பாடத்துக்கும் பயன்படுத்த முடியாது. வரைபட அளவுகோலைக் கணக்கிடுவது, தீர்க்கக்கோட்டிலிருந்து நேரம் கண்டுபிடிப்பது போன்றவற்றில் முதல் படி தெரியாமல் இரண்டாம் படி புரியாது. அவற்றைத் துண்டாக்கினால் இரண்டாம் துண்டு கிடைத்தவர் தவிப்பார். தனித்தனியே படித்தால் புரியக்கூடிய, ஆனால் சேர்த்தால்தான் விடை தரக்கூடிய பகுதிகள் உள்ள பாடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் புவியியலில் ஓர் ஆற்றுப் படுகை, ஒரு புயலின் பாதை, ஒரு தொழிற்சாலை அந்த ஊரில் ஏன் அமைந்தது என்பது போன்றவை அந்த வகை. பருவத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொண்டால் தாள் தயாரிக்கவும் விடைத்தாளை வரிசைப்படி பார்க்கவும் ஆசிரியருக்கு நேரம் கிடைக்கும்.